நூற்றிருபத்தைந்தாம் பக்கம்
‘காஹாஸ் தெ கார்த்தோன்’ என்னும் ஸ்பானியச் சிறுகதை பற்றிய ஓர் ஆய்வு

புதிய பள்ளியிற் சேரும் சிறுவன் ஒருவனின் முதல் நாளைப் பொருளாகக் கொண்ட கதைகள் மேனாட்டு இளைஞர் இலக்கியத்திற் பல உள. அவற்றுட் பெரும்பாலன ஒரே போக்கின. தொடக்கத்தில் அச்சம் தோன்றும். இடையில் ஓர் இகழ்ச்சி நேரும். இறுதியில் ஒரு நண்பனோ நல்லாசிரியரோ வாய்க்க, அச்சம் அகலும். ஈண்டு யாம் ஆராயப் புகுந்த கதையும் மேலோட்டமாக நோக்குவார்க்கு அவ்வகையினதாகவே தோன்றும். முதுகலை வகுப்பில் இக்கதையைத் தமிழில் எடுத்துரைத்தபோது மாணவர் பலரும் இதனை ‘நல்லாசிரியர் கதை’ என்றே கொண்டனர். இறுதியில் வரும் துன்பத்தை அவர்கள் எதிர்பாராத திருப்பம் என்றனர். அக்கொள்கை பொருந்தாது என்பதும், கதையின் துன்பம் இறுதியில் வந்து சேர்வதன்று, முதல் நாளின் முதல் மணி நேரத்திலேயே நிலைகொண்டு விட்டது என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையின் ஆசிரியர் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ். இவர் 1943-இல் மெக்சிகோ நாட்டு ஹலிஸ்கோ மாநிலத்திற் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோருடன் எல்லை கடந்து கலிபோர்னியா சென்றவர். வயல்தோறும் பெயர்ந்து கூலி வேலை செய்த குடும்பத்தினர். பின்னர்க் கல்வியால் உயர்ந்து சான்டா கிளாரா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கியவர். இக்கதையின் ஆங்கில வடிவம் 1973-இல் ‘அரிசோனா குவார்ட்டர்லி’ என்னும் இதழில் வெளிவந்தது. இதனையும் இதனோடு இயைந்த பிற கதைகளையும் உள்ளடக்கிய ஆங்கில நூல் 1997-இல் வெளியாகி, இளையோர் நூல்களுக்குரிய பாஸ்டன் குளோப்–ஹார்ன் புக் பரிசை 1998-இற் பெற்றது. ஸ்பானிய நூல் 2000-இல் வந்தது. ஸ்பானிய நூலுக்கும் இக்கதைக்கும் பெயர் ஒன்றே. ‘அட்டைப்பெட்டிகள்’ என்பது அதன் பொருள். ஆங்கிலத்திலோ ‘சுற்று’ என்னும் பொருள்படும் பெயர் இடப்பட்டுள்ளது. இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை சிறிதன்று. ஆங்கிலப் பெயர் வாழ்க்கையை மேலிருந்து நோக்கி அதன் வடிவத்தைக் கூறுகிறது. ஸ்பானியப் பெயர் குடிலின் தரைமேல் நின்று, கண்முன் கிடக்கும் பொருளை மட்டும் கூறுகிறது. சுற்று என்று அறிபவன் வளர்ந்துவிட்ட எழுத்தாளன். பெட்டியைக் காண்பவன் சிறுவன். இளையோர்க்குரிய கதைக்கு ஸ்பானியப் பெயரே ஏற்றது என்பது எம் துணிபு.

கதை வருமாறு. ஆகஸ்டுத் திங்களின் கடைசி நாட்கள். ஸ்ட்ராபெரிப் பழம் பறிக்கும் பருவம் முடிகிறது. வாரமாக விளைவிக்கும் ஈட்டோ என்பவரின் முகத்திற் சிரிப்பு இல்லை. ‘பிராசெரோ’ எனப்படும் ஒப்பந்தக் கூலியாட்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டனர். (1942 முதல் 1964 வரை இரு நாட்டு அரசுகளின் உடன்படிக்கையால் மெக்சிகோவினின்று வரவழைக்கப்பட்டோர் இவர்கள்.) அன்று மாலை வீடு திரும்பிக் கதவைத் திறந்த சிறுவன், தம் உடைமை அனைத்தும் அட்டைப்பெட்டிகளிற் கட்டப்பட்டிருத்தலைக் காண்கிறான். மறுநாள் விடியுமுன் பழைய காரில் ஏறிக் குடும்பம் பிரெஸ்னோ நகர்ப் பக்கம் செல்கிறது. அங்கே சல்லிவன் என்பவரின் திராட்சைத் தோட்டத்தில் வேலை. தங்குவதற்குச் சன்னலற்ற ஒரு பழங்கொட்டகை. அதன் தரை வெறும் மண். வெயில் நூறு பாகையை நெருங்கும் வேளையிலும் தந்தையும் அண்ணன் ரொபெர்தோவும் இச்சிறுவனும் திராட்சை பறிக்கின்றனர். நவம்பர் முதல் வாரத்தில் திராட்சைப் பருவம் முடிகிறது. சிறுவன் மட்டும் பள்ளிக்குச் செல்கிறான். ஆறாம் வகுப்பில் லேமா என்னும் ஆசிரியர் அவனை வரவேற்கிறார், புத்தகத்தைத் தந்து படிக்கச் சொல்கிறார், அவனால் இயலவில்லை. பின்னர் அவனே சென்று உதவி கேட்கிறான். அம்மாதம் முழுதும் நண்பகல் உணவு வேளையில் ஆசிரியர் அவனுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை ஊதுகொம்பு ஒன்றைக் காட்டி, அதனை வாசிக்கவும் கற்பிப்பதாகச் சொல்கிறார். அச்செய்தியைப் பெற்றோரிடம் கூற விரைந்து வரும் சிறுவன் கதவைத் திறக்கிறான். மீண்டும் அட்டைப்பெட்டிகள். கதை அவ்விடத்தே நின்றுவிடுகிறது.

இக்கதையிற் பள்ளியின் முதல் நாள் நவம்பரில் வருகிறது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். அந்நாட்டிற் பள்ளிகள் செப்டம்பரை ஒட்டித் திறப்பன. ஆகவே, இச்சிறுவனுக்கு முதல் நாளாக இருப்பது பிறர்க்கு முதல் நாள் அன்று. அவர்கள் இரண்டு திங்களாக ஒருங்கிருந்து பழகியவர்கள், இருக்கை அறிந்தவர்கள், முந்தின நாள் விட்ட கதையை இன்று தொடர்பவர்கள். இவன் ஒருவனே தொடக்கத்தில் நிற்கிறான். இவன் வாழ்க்கையைப் பகுப்பது பள்ளியின் காலக் கணக்கு அன்று, பயிரின் காலக் கணக்கு. ஸ்ட்ராபெரிக்குக் கோடை, திராட்சைக்கு இலையுதிர் காலத் தொடக்கம், பருத்திக்குக் குளிர்காலம் என வரும் அவ்வொழுங்கில், ஒரு விளைச்சல் முடிந்த பின் இளையவனுக்குக் கிடைக்கும் இடைவெளியே கல்வி. முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று கொண்ட நம் இலக்கண மரபிற் பயின்றார்க்கு இதனை உணர்தல் அரிதன்று. நிலமும் பொழுதும் மாறின் உரிப்பொருள் மாறும். இக்கதையில் ஒரே நிலத்தின்மேல் இரண்டு பொழுதுகள் ஓடுகின்றன. ஒன்று வயலுக்கு உரியது, மற்றொன்று வகுப்பறைக்கு உரியது. இரண்டும் முரணும் இடத்திலேயே சிறுவன் நிற்கிறான்.

இம்முரணை ஆசிரியர் விளக்கவுரையாற் கூறவில்லை. ஒரு வண்டியைக் கொண்டு காட்டுகிறார். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்து கொண்டிருக்கும்போது மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சாலையில் வருவதைத் தந்தை காண்கிறார். அவர் முகம் வெளிறுகிறது. மைந்தர் இருவரும் கொடிகளுக்குள் ஓடி ஒளிகின்றனர். பள்ளிக்கு அனுப்பாமல் வேலை வாங்குவது சட்டத்திற்கு மாறானது. அகப்பட்டாற் குடும்பத்திற்குத் தீங்கு நேரும். பேருந்திலிருந்து தூய ஆடை அணிந்த இரு சிறுவர் கையிற் புத்தகங்களுடன் இறங்கிச் செல்வதைக் கொடிகளின் ஊடே இவன் பார்க்கிறான். நவம்பர்த் திங்கட்கிழமையன்று அதே சாலையோரத்தில் இருபதாம் எண் பேருந்தை எதிர்நோக்கி வெளிப்படையாக நிற்கிறான். முன்பு ஒளிந்தது எதற்கோ, இன்று அதனுள் ஏறுகிறான். ஏறியவன் பின்புறத்தில், ஆளில்லா இருக்கையில் அமர்கிறான். ஒளிதல் முற்றும் தீரவில்லை என்பதே குறிப்பு. ஸ்பானிய மூலத்திற் பேருந்துக்கு வழங்கும் சொல் ‘காமியோன்’ என்பது. ஸ்பெயின் நாட்டில் அது சுமையேற்றும் வண்டியைக் குறிக்கும். மெக்சிகோ மக்கள் வழக்கிலேயே பேருந்தைக் குறிக்கும். கதை யார் வாயினின்று வருகிறது என்பதை அச்சொல் ஒன்றே காட்டிவிடுகிறது. குடும்பத்தாரின் பழைய காருக்கு அவர்கள் இட்ட ‘கார்காச்சித்தா’ என்னும் செல்லப்பெயரும் அத்தகையது. ஓட்டை வண்டி என்னும் பொருள் தரும் சொல்லோடு, சிறுமையும் அன்பும் ஒருங்கே உணர்த்தும் விகுதி சேர்ந்து அமைந்த பெயர் அது. இவ்விகுதியைத் தமிழிற் பெயர்ப்பது எளிதன்று. ‘சிறு’ என முன்னே சேர்த்தால் அளவு வரும், அன்பு வாராது.

முதல் நாட்காலையில் நிகழும் ஒரு சிறு நிகழ்ச்சியை மாணவர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். சிறுவன் காலையுணவுக்கு அண்ணனின் எதிரே அமர்கிறான்; அவன் முகத்தை நிமிர்ந்து நோக்க இவனால் இயலவில்லை. இவன் பள்ளிக்குப் போகிறான், ரொபெர்தோ போகவில்லை. இன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. பருத்திப் பருவம் முடியும் பெப்ரவரி வரையில் இல்லை. இளையவன் தன் கைகளைத் தேய்க்கிறான். பழச்சாற்றின் காரத்தாற் கறைபட்டு உலர்ந்த தோல் சுருள் சுருளாய்த் தரையில் உதிர்கிறது. தந்தையும் அண்ணனும் காரிற் சென்ற பின்பே இவனுக்கு மூச்சு வருகிறது. பள்ளிக்குச் செல்லும் மகிழ்ச்சியை விடியுமுன்னரே விண்மீன்களைப் பார்த்தவாறு நுகர்ந்து கொண்டிருந்தவன் இவன். அம்மகிழ்ச்சி உணவு மேசைக்கு வருவதற்குள் குற்றவுணர்ச்சியாகி விடுகிறது. கல்வி இங்கே யாரிடமிருந்தோ பறித்துப் பெற்ற பொருள் போலாகிறது. பறித்தவன் இவன் அல்லன். ஆயினும் நாணுபவன் இவன்.

அக்கைகள் மீண்டும் வருகின்றன. பேருந்து பள்ளியின் முன் நின்றதும், சன்னல் வழியே மாணவர் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு செல்வதைக் காண்கிறான். இவன் தன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் இட்டுக்கொண்டு தலைமையாசிரியர் அலுவலகத்தை நோக்கி நடக்கிறான். பிறர் கையிற் புத்தகம். இவன் கையில் ஒன்றுமில்லை என்பது வெளிப்படைப் பொருள். காலையில் தோல் உதிர்ந்த கைகள் அவை என்பதை நினைப்பார்க்கு மற்றொரு பொருளும் புலப்படும். ஒன்றுமில்லாத கைகளை மட்டும் அவன் மறைக்கவில்லை. மூன்று திங்கள் வயலில் இருந்தமைக்குச் சான்றான கைகளையும் மறைக்கிறான். ஆசிரியர் இவ்விரண்டையும் இணைத்து ஒரு சொல்லும் கூறவில்லை. உள்ளுறையை அறியப் பழகிய நம் மாணவர்க்கு இவ்விடம் நல்லதொரு பயிற்சி.

இனிக் கதையின் நடுவிடத்துக்கு வருவோம். ஆசிரியர் லேமா வருகைப்பதிவு எடுத்தபின், முந்தின நாள் தொடங்கிய கதையை இன்று முடிப்போம் என்று ஊக்கத்துடன் அறிவிக்கிறார். புதிய மாணவனின் அருகே வந்து ஆங்கிலப் புத்தகத்தைத் தந்து, நூற்றிருபத்தைந்தாம் பக்கம் என்று சொல்லி அவனைப் படிக்குமாறு வேண்டுகிறார். இதிற் கொடுமை எதுவும் இல்லை. புதியவனை முதலிலேயே வகுப்பிற் சேர்த்துக்கொள்ளும் நன்னோக்கமே உள்ளது. ஆயினும் அந்த எண்ணை நோக்குதல் வேண்டும். நூற்றிருபத்தைந்தாம் பக்கத்துக்கு முன் நூற்றிருபத்துநான்கு பக்கங்கள் உள்ளன. அவற்றை வகுப்பினர் கடந்து வந்த காலத்தில் இவன் கொடிகளுக்குள் இருந்தான். இவன் இழந்தது எவ்வளவு என்பதை வேறு எவ்வகையிற் கூறினும் இத்துணைத் தெளிவு வாராது. ஓர் எண் அதனைக் கூறிவிடுகிறது; கூறுபவர்க்கோ அது வெறும் பக்க எண்ணே.

அப்போது சிறுவனின் நிலையைக் கதை உணர்ச்சிப் பெயர்களாற் கூறாமல் உடலின் வழியே கூறுகிறது. குருதி தலைக்கு ஏறுகிறது, தலை சுழல்கிறது, வாய் உலர்கிறது, கண்ணில் நீர் துளிர்க்கிறது, தொடங்க முடியவில்லை. உள்ளத்து நிகழ்ச்சி காண்பார்க்குப் புலனாகுமாறு மெய்யின்கண் தோன்றுதலையே தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அயல்மொழிக் கதைக்கு நம் இலக்கணத்தை வலிந்து பொருத்துதல் சில வேளை நகைப்புக்கு இடமாகும் என்பதை யாம் அறிவோம். ஆயின், ஒரு கருவி நன்கு வெட்டுமாயின் அதனைப் பயன்படுத்துதல் தவறன்று. இவ்விடத்தில் அக்கருவி நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. மெய்க்குறிகளை நிரலே நோக்கின் முதலில் வருவது அச்சம், அடுத்து வருவது அழுகையின் தொடக்கம். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பலர் முன்னிலையிற் சிறுமையுறுதலாகிய இளிவும், வறுமையும் இவனிடத்து வெளிப்படை. இதுவரை இலக்கணமும் கதையும் ஒத்துச் செல்கின்றன.

அடுத்து நிகழ்வதில் இரண்டும் பிரிகின்றன. ஆசிரியர் வற்புறுத்தாது விட்டுவிடுகிறார். அந்த மணி நேரம் முழுதும் சிறுவனுக்குச் சினம் மிகுகிறது. யார்மேல்? தன்மேல். படித்திருக்க வேண்டும் என்று தன்னைத் தானே கடிந்துகொள்கிறான். வெகுளிக்கு மெய்ப்பாட்டியல் கூறும் நிலைக்களன் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. உடலுறுப்பைச் சிதைத்தல், குடியினரை நலிதல், அலைத்து வருத்துதல், கொல்லுதல் ஆகிய இந்நான்கும் பிறர் செய்யும் தீமைகள். தீமை செய்தவன் ஒருவன் எதிரே நிற்க, அவன்மேற் செல்வது வெகுளி. இச்சிறுவனின் வாழ்க்கையில் இந்நான்கனுள் முதல் மூன்றுக்கும் இடம் உண்டு. கைத்தோல் உரிந்தது; குடும்பம் நலிவுற்றது; இடந்தோறும் அலைக்கப்பட்டது. ஆயினும் சினம் அத்தீமையை நோக்கிச் செல்லவில்லை. செல்வதற்கு எதிரே ஒரு முகம் இல்லை. ஈட்டோ தீயவர் அல்லர். அவரும் நிலத்தை வாரத்துக்கு உழுபவர். பருவம் முடிந்ததற்கு அவரும் வருந்துகிறார். சல்லிவன் வேலை தருகிறார். தங்க இடமும் தருகிறார். லேமா அன்புடையவர். தீமை உண்டு, செய்தவன் இல்லை. ஆகவே வெகுளி திரும்பி வந்து தன்னிடமே தங்குகிறது. கதையின் உயிர்நிலை இது என்பது எம் கருத்து. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், பயிரின் பருவமும் கூலி முறையும் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட நூற்றிருபத்துநான்கு பக்கங்களுக்குத் தானே பொறுப்பாளி என்று நம்புகிறான். இறுதியில் வரும் பெட்டிகளினும் இந்நம்பிக்கை கொடியது. பெட்டிகள் அவனை ஒரு பள்ளியினின்றே பிரிக்கின்றன. இந்நம்பிக்கையோ அவன் செல்லும் பள்ளிதோறும் உடன் செல்வது.

இடைவேளையில் அவன் செய்வதும் இதனோடு தொடர்புடையதே. புத்தகத்துடன் கழிப்பறைக்குள் சென்று, அதே பக்கத்தைத் திறந்து, வகுப்பில் இருப்பதாகப் பாவித்துத் தாழ்குரலிற் படிக்கிறான். அறியாத சொற்கள் மிகப் பல. புத்தகத்தை மூடுகிறான். விடாமுயற்சிக்குச் சான்றாக இதனைக் காட்டுவார் உளர், அது பிழையன்று. ஆயின் இடத்தை நோக்குக. திராட்சைக் கொடிகளுக்குள் பள்ளிக்கு அஞ்சி ஒளிந்தவன், பள்ளிக்குள்ளேயே கல்விக்காக ஒளிகிறான். ஒளியிடம் மாறிற்றேயன்றி ஒளிதல் மாறவில்லை. அதன்பின் அவனே ஆசிரியரிடம் சென்று உதவி வேண்டுவதுதான் மாற்றம். அது கதையில் ஒரு வரிக்குள் முடிகிறது; ஆசிரியர் உடன்படுவதும் ஒரு சொல்லில் முடிகிறது. பெரிய முடிவுகள் இத்துணைச் சிறிய அளவிற் கூறப்படுதல் இக்கதையின் சிறப்பு.

மொழிபற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலம் அறியாமையே இச்சிறுவனின் இடுக்கண். கதையோ ஸ்பானியத்தில் உள்ளது. அலுவலகத்துப் பெண் அவனை நோக்கிக் கேட்கும் கேள்வி மட்டும் ஸ்பானியப் பனுவலில் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. பல திங்களாக ஆங்கிலம் கேளாத செவியில் அது திடுமெனப் புகுகிறது. படிப்பவரும் அவ்வயற்சொற்களில் ஒரு கணம் தடுக்கி நிற்கின்றனர். ஆனால் லேமாவின் பேச்சு ஸ்பானியத்தில் வருகிறது. அவர் ஆங்கிலத்திற் பேசினார் என்பது தெளிவு. இருந்தும் சிறுவனின் மொழியிலேயே நமக்குக் கேட்கிறது. அன்புடன் பேசப்பட்டமையால் அது அவனுக்கு விளங்கிற்று என்பது போலும். ஆங்கில வடிவத்தில் இந்நயம் தோன்ற வழியில்லை. அங்கே எல்லாம் ஆங்கிலமாதலின் திடுக்கிடலைச் சொல்லலாமேயன்றிக் கேட்பிக்க இயலாது. வேறொரு வகையில் ஆங்கில வடிவத்துக்கு ஒரு பெருமிதம் உண்டு. எம்மொழியில் ஒரு பக்கம் படிக்க நாவெழாது நின்றானோ அம்மொழியில் அந்நிகழ்ச்சியையே எழுதிக் காட்டியவன் அவன். பெருமிதத்துக்குரிய நிலைக்களன்களுட் கல்வியை முதலில் வைத்த மரபு நம்முடையது. அது ஆங்கில வடிவத்துக்குப் பொருந்தும். ஆயின் பதினான்கு வயது மாணவன் ஒருவன் முதல் நாளின் நாவடைப்பை உள்ளிருந்தே உணர வேண்டுமாயின் ஸ்பானிய வடிவத்தையே படித்தல் வேண்டும்.

கதையிற் குறையே இல்லை என்று யாம் கூற வரவில்லை. முதல் நாளின் ஒரு காலைப் பொழுதுக்கு ஏறத்தாழ ஒரு பக்கம் தந்த ஆசிரியர், அதன்பின் ஒரு மாதத்தை ஒரே வாக்கியத்திற் கடந்துவிடுகிறார். அம்மாதத்தில் வகுப்பிலுள்ள பிற மாணவர் என்ன செய்தனர்? ஒருவனாவது இவனோடு பேசினானா? மாலையில் அண்ணன் வயலிலிருந்து திரும்பியபோது இவன் கற்ற சொற்களைக் கேட்டானா? ஒன்றும் அறியோம். லேமாவே அவனுக்குப் பள்ளியிற் சிறந்த நண்பர் ஆகிறார் என்பதன் மறுபுறம், ஒத்த வயதினன் ஒருவனும் நண்பனாகவில்லை என்பதே. ஆசிரியர் அதனை உணர்ந்து எழுதினாரா, விரைவில் விட்டுவிட்டாரா என்று துணிய இயலவில்லை. குறிப்பாக, காலையுணவு வேளையில் அத்துணை அழுத்தம் பெற்ற ரொபெர்தோ அதன்பின் மறைந்துவிடுதல் எமக்குக் குறையாகவே படுகிறது.

ஊதுகொம்பு நிகழ்ச்சியையும் சிலர் செயற்கை என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. இசை பிடிக்குமா என்று லேமா கேட்கும்போது, ‘கொரிதோ’ பிடிக்கும் என்கிறான் சிறுவன். கொரிதோ என்பது மெக்சிகோ மக்களிடையே வழங்கும் கதைப்பாடல். ஆசிரியர் எடுத்து ஊதிய கருவியின் ஒலி அப்பாடல்களில் அவன் முன்பே கேட்ட ஒலி, மெய்ம்மயிர் சிலிர்க்கிறது. அதுவரை பள்ளியில் அவன் எதிர்ப்பட்ட ஒவ்வொன்றும் அவன் அறியாதது: அறியாத மொழி, அறியாத பக்கம், அறியாத சொற்கள். அவன் முன்பே அறிந்த ஒன்று பள்ளிக்குள் இருக்கிறது என்பது இப்போதே தெரிய வருகிறது. இங்கே தோன்றும் மெய்ப்பாடு உவகை. முதல் நாளில் குருதி தலைக்கேறிய அதே உடலில் இது நிகழ்கிறது. ஆகவே இந்நிகழ்ச்சி கதையின் புறத்தே ஒட்டியதன்று.

இனி முடிவு. இங்கே ஆராய்வாரை மயக்கும் ஒரு சிக்கல் உண்டு. பருத்திப் பருவம் பெப்ரவரியில் முடியும் என்று காலையுணவுக் காட்சியிற் கூறப்பட்டது. அதுவரை குடும்பம் அங்கேயே இருக்கும் என்றே படிப்பவர் கொள்வர். ஆனால் லேமாவோடு பயின்றது அம்மாதத்து எஞ்சிய நாட்கள் மட்டுமே, அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை, உடனே பெட்டிகள். பெப்ரவரி இன்னும் தொலைவில் உள்ளது. இதனை ஆசிரியரின் மறதி என்று கொள்ளலாமா? யாம் அவ்வாறு கொள்ளோம். முதல் இடப்பெயர்ச்சிக்குக் காரணம் விரிவாகக் கூறப்பட்டது. பழம் குறைந்தது, ஆட்கள் போயினர், ஈட்டோவின் சிரிப்பு மறைந்தது. எல்லாக் குறிகளையும் சிறுவன் கண்டான், ஏனெனில் அவனும் வயலில் இருந்தான். இரண்டாம் பெயர்ச்சிக்குக் காரணம் கூறப்படவில்லை. வயலில் என்ன நிகழ்ந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பள்ளியில் இருந்தான். காரணம் இன்மை கதையின் பிழையன்று, சிறுவனின் அறியாமை. அவன் கண்ட அளவே நாமும் காண்கிறோம்.

இதனை வலியுறுத்தும் குறிப்பொன்று இறுதி வாக்கியங்களிலேயே உள்ளது. பேருந்தினின்று இறங்கியதும் தம்பி தங்கையர் கூச்சலிட்டு ஓடி வருகின்றனர். தன்னைக் கண்ட மகிழ்ச்சியால் ஆர்க்கின்றனர் என்று அவன் எண்ணுகிறான். இக்கூச்சலை நாம் முன்னரே கேட்டிருக்கிறோம். பிரெஸ்னோவுக்குப் புறப்பட்ட விடியற்காலையிலும் சிறு பிள்ளைகள் இவ்வாறே ஆர்ப்பரித்தனர். இடம்பெயர்தல் அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. அன்று அக்கூச்சலின் பொருளை அவன் ஐயமின்றி அறிந்திருந்தான். அதனாலேயே அவன் துன்பம் மிகுந்தது. ஒரு மாதம் கழிந்தபின் அதே கூச்சலை அவன் தவறாகப் பொருள் கொள்கிறான். நூற்றிருபத்தைந்தாம் பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், தன் வீட்டு வாயிலில் எழும் ஒலியைப் படிக்க மறந்திருக்கிறான். கதவின் கைப்பிடியில் அவன் கை படும்போது, அக்கையின் தோல் ஆறியிருந்ததா என்பதைக் கதை கூறவில்லை.